614616-ஐ வாசிக்கக் கற்றுக்கொடுப்பது

மெஷின் லேர்னிங் கோர்ஸ் எடுக்கிற பிள்ளைகளிடம் ப்ராஜெக்ட் என்னவென்று கேட்டால் பாதிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். கையால் எழுதிய 0 முதல் 9 வரையான எண்களைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஒரு குட்டி நியூரல் நெட்வொர்க். டேட்டா இலவசம், கோடு இருபது வரி, சாதாரண லேப்டாப்பிலேயே சில நிமிடத்தில் முடிந்துவிடும். என் அக்கா மகளும் இதைத்தான் எடுத்திருந்தாள். லீவுக்கு அறந்தாங்கி வந்தவள், "மாமா, அக்யூரசி 97 வந்துருச்சு. இனி ரிப்போர்ட் மட்டும்தான்" என்றாள்.

"நம்ம ஊர் பின்கோடை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா வாசிக்குமா?"

"வாசிக்கும் மாமா. வாசிக்காம என்ன?"

வாசிக்கவில்லை. 614616 என்று பளிச்சென்று எழுதிய தாளைப் போட்டோ எடுத்துக் கொடுத்தோம். ஆறு எண்ணுக்கும் ஒரே பதில்தான் வந்தது, அதுவும் ஒவ்வொன்றுக்கும் 99 சதவீத உறுதியோடு. 97 எங்கே போனது என்று தேடப் போனதுதான் கடைசியில் அவளுடைய உண்மையான ப்ராஜெக்ட் ஆனது. அந்தத் தேடலை எழுதி வைக்கலாம் என்று இந்தப் பதிவு.

முதலில் டேட்டா. எல்லோரும் எடுப்பது எம்னிஸ்ட். 60,000 படம் பயிற்சிக்கு, 10,000 படம் சோதனைக்கு. ஒவ்வொன்றும் 28-க்கு 28 கட்டம், அதாவது 784 புள்ளிகள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. இதைத் தொகுத்த யான் லெக்கூன் 1989-லேயே பெல் லேப்ஸில் இருந்தபடி, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத் தபால்களில் எழுதியிருந்த ஜிப்கோடு எண்களை நெட்வொர்க்குக்குப் படிக்கக் கொடுத்தவர். ஆக, இந்தத் துறைக்கும் தபால் கவருக்கும் பழைய உறவு உண்டு. நான் பின்கோடைக் கேட்டது ஒன்றும் குறும்பு இல்லை.

எம்னிஸ்ட் பிறந்த கதையில் ஒரு விஷயத்தைப் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் இரண்டு தொகுப்புகளை வெளியிட்டிருந்தது. ஒன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஊழியர்கள் எழுதியது. இன்னொன்று பள்ளி மாணவர்கள் எழுதியது. ஊழியர்கள் எழுத்தில் பயிற்சி, மாணவர்கள் எழுத்தில் சோதனை என்பதுதான் முதலில் இருந்த ஏற்பாடு. ஊழியர்கள் எழுத்து சுத்தமாக இருந்தது, பிள்ளைகள் எழுத்து அப்படி இல்லை. அதனால் சோதனையில் வரும் பிழைக்குக் காரணம் நெட்வொர்க்கா, எழுதிய ஆள் மாறியதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்து எம்னிஸ்ட் செய்தார்கள். கலக்கும்போது ஒரு ஒழுங்கையும் காப்பாற்றினார்கள்: பயிற்சிப் படங்களை எழுதிய ஆட்கள் யாரும் சோதனைப் படங்களில் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவளுடைய நெட்வொர்க் இவ்வளவுதான்:

```python
model = nn.Sequential(
    nn.Flatten(),
    nn.Linear(784, 32),
    nn.ReLU(),
    nn.Linear(32, 10))
loss_fn = nn.CrossEntropyLoss()
opt = torch.optim.SGD(model.parameters(), lr=0.1)
```

784 புள்ளிகள் உள்ளே போகின்றன, நடுவில் 32 நியூரான்கள், வெளியே 10 மதிப்பெண்கள். எந்த எண்ணுக்கு மதிப்பெண் அதிகமோ அதுதான் பதில். மொத்தம் 25,450 வெயிட்டுகள்: முதல் அடுக்கில் 25,120, இரண்டாவதில் 330. இதைக் கையால் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பயிற்சி ஆரம்பிக்கும் முன்பே லாஸ் எவ்வளவு வரவேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றும் தெரியாத நெட்வொர்க் பத்து எண்ணுக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாய்ப்பைத்தான் கொடுக்கும். அப்போது லாஸ் என்பது 10-இன் இயல் மடக்கை, அதாவது 2.303. முதல் அச்சு 2.3-க்குப் பக்கத்தில் இருந்தால் இதுவரை சரி. அங்கிருந்து சில நூறு படிகளிலேயே அது 0.5-க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காமல் 2.30-லேயே உட்கார்ந்திருந்தால் நெட்வொர்க் எதுவும் கற்கவில்லை என்று அர்த்தம். இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு எண் 11.35. சோதனைத் தொகுப்பின் 10,000 படங்களில் 1,135 படங்கள் 1. எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு "1" என்று சொன்னால் வரும் அக்யூரசி சரியாக 11.35 சதவீதம். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்திக்கு இந்த எண்தான் வந்துகொண்டிருந்தது. புள்ளி மதிப்புகளை 255-ஆல் வகுக்காமல் 0 முதல் 255 வரை அப்படியே ஊட்டியிருந்தாள். 0.1 லேர்னிங் ரேட்டுக்கு அந்த எண்கள் மிகப் பெரியவை. முதல் சில படிகளிலேயே வெயிட்டுகள் எகிறி, நடுவில் இருந்த 32 நியூரான்களும் எதைக் கொடுத்தாலும் பூஜ்யம் என்று செத்துப் போயின. அதற்குப் பிறகு படத்தில் என்ன இருக்கிறது என்பதே வெளி அடுக்குக்குப் போய்ச் சேராது. பயிற்சியில் எந்த எண் அதிகம் வந்ததோ அதைச் சொல்வதுதான் அதற்கு மிச்சமிருக்கும் புத்திசாலித்தனம். அந்த எண் 1. அக்கா மகள் போனிலேயே "255-ஆல வகுடி" என்று சொன்னாள், அங்கே சரியாகிவிட்டது.

இவளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 64 படம் கொண்ட கட்டுகளாகப் பிரித்தால் ஒரு எபாக்குக்கு 938 படிகள். பத்து எபாக் முடிவதற்குள் சோதனை அக்யூரசி 97-ஐ ஒட்டி வந்து நின்றுவிட்டது. 32 நியூரானுக்கு இது நல்ல மதிப்பெண்தான்.

ஆனால் 97 என்பது ஒரு எண்ணுக்கு. பின்கோடில் ஆறு எண்கள், ஆறும் சரியாக இருந்தால்தான் கவர் ஊர் வந்து சேரும். 0.97-ஐ ஆறு முறை பெருக்கினால் 0.833. நூறு கவரில் பதினேழு வேறெங்கோ போகும். 97-ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் 83-ஐப் பார்த்ததும் முகம் சுளித்தாள். 99 சதவீதத்தைத் தாண்டிய லெக்கூனின் லீநெட்-5-இலேயே, 1998-இல் சொன்ன 0.95 சதவீதப் பிழையை வைத்துக் கணக்குப் போட்டால், ஆறு எண்ணும் சேர்ந்து சரியாக வருவது 94-தான். இந்தப் பெருக்கல் ஒவ்வொரு பிழையும் தனித்தனியாக நடக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. உண்மையில் கிறுக்கலாக எழுதும் ஆள் ஆறையுமே கிறுக்கலாகத்தான் எழுதுவார், பிழைகள் ஒரே கவரில் கூடிக்கொள்ளும். அதனால் நிஜ எண்ணிக்கை கொஞ்சம் தேவலையாக இருக்கலாம். ஆனாலும் எண்ணுக்கான அக்யூரசியை மட்டும் ரிப்போர்ட்டில் போட்டுவிட்டு "தபால் துறைக்குப் பயன்படும்" என்று முன்னுரையில் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. எத்தனை ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன்!

சரி, ஆறுக்கும் ஒரே பதில் வந்த கதைக்கு வருகிறேன்.

காரணத்தில் பாதியை அவளே பிடித்துவிட்டாள். நாங்கள் கொடுத்தது வெள்ளைத் தாளில் நீலப் பேனா. நெட்வொர்க் பார்த்து வளர்ந்தது கறுப்பில் வெள்ளை. "இன்வெர்ட் பண்ணணும் மாமா" என்று ஒரு வரி போட்டாள், பதில்கள் மாற ஆரம்பித்தன. ஆனால் நிறம் தலைகீழாக இருந்தபோது ஏன் திணறாமல் 99 சதவீத உறுதியோடு ஒரே பதிலைச் சொன்னது? "தெரியவில்லை" என்பதற்கு அறிகுறியாகப் பத்துக்கும் பத்து பத்து சதவீதம் அல்லவா வந்திருக்க வேண்டும்? இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

எம்னிஸ்ட் படங்களில் எழுத்து நடுவில் இருக்கும், ஓரம் எப்போதும் கறுப்பு. எண்ணிப் பார்த்தால் 784 புள்ளிகளில் 67 புள்ளிகள் அறுபதாயிரம் படத்தில் ஒன்றில்கூட ஒளிர்ந்ததே இல்லை, எப்போதும் 0. வெயிட்டைத் திருத்தும் அளவு அந்த வெயிட்டுக்குள் வரும் மதிப்போடு பெருக்கித்தான் வருகிறது. உள்ளே வருவது 0 என்றால் திருத்தமும் 0. அதாவது அந்த 67 புள்ளிகளிலிருந்து கிளம்பும் 67 × 32 = 2,144 வெயிட்டுகள் பயிற்சி முடிந்த பிறகும் பிறந்த மேனிக்கே இருக்கின்றன. பைடார்ச் இவற்றை −1/28-க்கும் +1/28-க்கும் நடுவில் குருட்டாம்போக்கில் நிரப்பி வைத்திருக்கும். எம்னிஸ்டைத் தாண்டாதவரை அவற்றால் தொந்தரவில்லை, 0-ஆல் பெருக்கினால் எல்லாம் 0. வெள்ளைத் தாளைக் கொடுத்ததும் அந்த ஓரப் புள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் 1 ஆகின்றன. இதுவரை வாய் திறக்காத 2,144 பேரும் சேர்ந்து கத்துகிறார்கள். எப்போதாவது மட்டும் ஒளிரும் பக்கத்துப் புள்ளிகளும் கிட்டத்தட்ட இதே ரகம்தான்.

அளவையும் பாருங்கள். எம்னிஸ்டில் ஒரு புள்ளியின் சராசரி மதிப்பு 0.1307. 784-ஆல் பெருக்கினால் ஒரு படத்துக்கு மொத்த ஒளி 102 அளவுக்கு வரும். தலைகீழ்ப் படத்தில் அதே கணக்கு 680-ஐத் தாண்டும். ஆறு மடங்குக்கு மேல் ஒளி போனால் வெளியே வரும் பத்து மதிப்பெண்களும் அதற்கேற்ப விரிந்து, ஒன்றுக்கொன்று பெரிய இடைவெளி விழும். சாஃப்ட்மேக்ஸ் அந்த இடைவெளியை அடுக்குக்குறியாக மாற்றும்போது முதலிடத்தில் இருப்பதற்கு 99 கிடைத்துவிடுகிறது. தாளின் பெரும்பகுதி எந்த எண் எழுதினாலும் அதே வெள்ளைதான், அதனால் பதிலும் ஒன்றேதான். அந்த 99 என்பது மதிப்பெண்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு. படம் பழக்கமானதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நடு அடுக்கின் ஒரு நியூரானுக்குள் வரும் 784 வெயிட்டுகளை எடுத்து 28-க்கு 28 படமாக வரையுங்கள்:

```python
W = model[1].weight.detach()
plt.imshow(W[0].reshape(28, 28), cmap="gray")
```

நடுவில் வளைவும் கோடுமாக ஏதோ ஒரு வடிவம் தெரியும். அது கற்றது. மூலைகளில் பழைய டிவியில் சிக்னல் போனால் வருகிற மாதிரி மணல் மணலாக இருக்கும். அதுதான் கற்காதது. அவள் இந்தப் படத்தை ரிப்போர்ட்டில் சேர்த்திருக்கிறாள், அக்யூரசி கிராஃபுக்கு முன்னாலேயே.

நிறத்தைத் திருப்பிய பிறகும் நிலைமை பாதிக்குப் பாதிதான். 6-ஐ வாசித்தது, 4-ஐச் சில நேரம் வாசித்தது, 1 மட்டும் விழவே இல்லை. உள்ளே போகும் படத்தைத் திரையில் போட்டுப் பார் என்றேன். (பயிற்சி கொடுக்கிற யாராக இருந்தாலும் இந்தப் பழக்கம் வேண்டும். மாடலுக்குக் கொடுக்கும் அதே அணியைப் படமாக வரைந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது.) திரையில் 1 இல்லை, ஒரு வெள்ளைச் செங்கல் இருந்தது. எழுத்தைச் சுற்றி இறுக்கமாக வெட்டி, அந்தத் துண்டை அப்படியே 28-க்கு 28 ஆக இழுத்திருந்தாள். ஒல்லியான 1-ஐ அகலவாக்கில் இழுத்தால் சதுரம் முழுக்க வெள்ளை. அதை யார் பார்த்தாலும் 1 என்று சொல்ல மாட்டார்கள்.

எம்னிஸ்ட் எப்படித் தயாரானதோ அதே வழியில் நம் படமும் தயாராக வேண்டும். அங்கே உயர அகல விகிதம் மாறாமல் எழுத்தை 20-க்கு 20 பெட்டிக்குள் அடக்கினார்கள். பிறகு மையின் எடைமையம் எங்கே விழுகிறது என்று கணக்கிட்டு, அந்தப் புள்ளி 28-க்கு 28 படத்தின் நடுவில் வருமாறு நகர்த்தி வைத்தார்கள். பெட்டியின் நடு வேறு, எடைமையம் வேறு. 6-இன் வயிறு கீழே இருக்கிறது, அதனால் எடைமையம் பெட்டியின் நடுவுக்குக் கீழே விழும். அதை நடுவுக்குக் கொண்டுவர முழு எழுத்தும் கொஞ்சம் மேலே ஏறும். 9-க்கு நேர்மாறாக. நமக்கு இரண்டு மூன்று புள்ளி நகர்வு ஒரு பொருட்டே இல்லை. இந்த மாதிரி நெட்வொர்க்குக்கோ பக்கத்துப் புள்ளி என்ற உணர்வே கிடையாது, 784-ம் தனித்தனிச் சீட்டு. நகர்ந்த 6 அதற்கு வேறொரு படம். கான்வல்யூஷன் அடுக்கு வைத்த லீநெட் வகை நெட்வொர்க்குகள் இதைக் கொஞ்சம் தாங்கும். இவளுடைய கோர்ஸில் அது அடுத்த செமஸ்டர்.

கடைசியில் எழுதியது இது. `d` என்பது எழுத்தைச் சுற்றி வெட்டிய, கறுப்பில் வெள்ளையான துண்டு:

```python
h, w = d.shape
s = 20 / max(h, w)
d = cv2.resize(d, (max(1, round(w*s)), max(1, round(h*s))),
               interpolation=cv2.INTER_AREA)
k = np.zeros((28, 28), np.uint8)
k[4:4+d.shape[0], 4:4+d.shape[1]] = d
m = cv2.moments(k)
dx = 14 - m["m10"] / m["m00"]
dy = 14 - m["m01"] / m["m00"]
k = cv2.warpAffine(k, np.float32([[1, 0, dx], [0, 1, dy]]), (28, 28))
```

`INTER_AREA` ஏன் என்றால், பெரிய படத்தைச் சுருக்கும்போது அது சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியை எடுக்கும். எழுத்தின் ஓரம் சாம்பல் நிறமாக மழுங்கும், எம்னிஸ்டிலும் ஓரங்கள் அப்படித்தான் இருக்கும். மெல்லிய பால்பாயிண்ட் பேனாக் கோடு சுருங்கும்போது மங்கிப் போவதும் உண்டு. அதற்கு வெட்டிய கையோடு `cv2.dilate` வைத்துக் கோட்டைக் கொஞ்சம் தடிக்க வைத்துவிட்டுச் சுருக்கினோம்.

இந்தப் பத்து வரிக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கையெழுத்தில் 614616 சரியாக விழுந்தது. வெயிட் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

வீட்டோடு நின்றால் போதாது. அதோடு 614616-இல் இருப்பது 6, 1, 4 என்ற மூன்றே எண்கள். அதை மட்டும் வைத்து அக்யூரசி சொன்னால் 7-ம் 9-ம் எப்படி என்று எதுவும் தெரியாது. அதனால் ஆறு கட்டங்கள் கொண்ட வரிசைகளை ஒரு தாளில் அச்சடித்து, பத்து எண்ணும் சமமாக வருமாறு கலைத்துப் போட்ட எண்களைப் பக்கத்தில் கொடுத்து, பார்த்து எழுதித் தரச் சொன்னோம். மளிகைக்கடை அண்ணாச்சி எழுதினார், கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருபவர் எழுதினார், தெருப் பிள்ளைகள் எழுதினார்கள், அக்காவும் எழுதினாள்.

கட்டத்தின் கோடு பெரிய தலைவலி. எழுத்து கோட்டைத் தொட்டுவிட்டால் கோடும் எழுத்தோடு சேர்ந்து வெட்டுப்படும், 1 என்பது ட போல நிற்கும். விண்ணப்பப் படிவங்களில் கட்டங்களை வெளிர் ஆரஞ்சிலோ சிவப்பிலோ அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அழகுக்காக மட்டும் இல்லை. வண்ணப் படத்தின் சிவப்பு அடுக்கை மட்டும் எடுத்தால் (ஓப்பன்சிவியில் `img[:, :, 2]`) ஆரஞ்சுக் கோடு வெள்ளையோடு வெள்ளையாக மறைந்துவிடும், நீல மையும் கறுப்பு மையும் மட்டும் கரியதாக நிற்கும். நாங்களும் ஆரஞ்சில் அடித்தோம். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு தாளில் மட்டும் ப்ரோக்ராம் நின்றுபோய், பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று எரர் வந்தது. அதாவது `m["m00"]` பூஜ்யம், கட்டத்தில் மையே இல்லை. தாளைப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆசிரியர் அவ்வளவையும் அழகாக சிவப்புப் பேனாவில் எழுதிக் கொடுத்திருந்தார்!

நிழலும் ஒரு தொல்லை. போனைக் குனிந்து பிடித்தால் தாளின் ஒரு பக்கம் மங்கும். முழுப் படத்துக்கும் ஒரே வெட்டுமதிப்பு வைக்கும் ஓட்சு முறை அந்த நிழலை மை என்று எடுத்துக்கொள்ளும். `cv2.adaptiveThreshold` பகுதி பகுதியாகப் பார்த்து வெட்டுவதால் இதற்குத் தேவலை. வெயிலில் வாசல் திண்ணையில் வைத்துப் படமெடுத்தால் இன்னும் தேவலை.

5-இல் வேறொரு வம்பு. நம்மில் பலர் 5-இன் தலைக்கோட்டைக் கடைசியில் தனியாகப் போடுவோம், உடம்போடு ஒட்டாது. "ஒட்டியிருக்கும் பெரிய துண்டை மட்டும் எடு" என்று வெட்டினால் தலை போய்விடும், மிஞ்சுவதை 3 என்றோ 6 என்றோ எதையாவது சொல்லும். கட்டத்துக்குள் இருக்கும் மை முழுவதற்கும் ஒரே பெட்டி போட்டு வெட்ட வேண்டும்.

இத்தனையும் சரிசெய்த பிறகு மிஞ்சிய பிழைகள்தான் உண்மையில் கையெழுத்துப் பிழைகள். குழப்ப அட்டவணையை வரைந்தால் அவை ஓரிரு இடத்தில் குவிந்திருப்பது தெரிந்தது. அண்ணாச்சி 1-க்கு நீளமான மூக்கு வைக்கிறார், மூக்கு நீண்டுகொண்டே போய் 7 ஆகிவிடுகிறது. மீன்காரர் 4-இன் தலையை மூடிவிடுகிறார், 9 என்று விழுகிறது. அமெரிக்கக் கணக்கெடுப்பு ஊழியர் இப்படி எழுதியிருக்க மாட்டார், அல்லது எழுதியது மிகக் குறைவு. இங்கே நெட்வொர்க்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது பார்த்திராத எழுத்து.

"அப்ப நம்ம படத்தையும் ட்ரெய்னிங்ல சேத்துருவோம் மாமா. எல்லாத்தையும் கலக்கி எண்பது பர்சென்ட் ட்ரெய்ன், இருபது டெஸ்ட்."

இங்கேதான் அந்த நிஸ்ட் கதை. எல்லாப் படங்களையும் கலக்கிப் பிரித்தால் அண்ணாச்சியின் 1 இரண்டு பக்கமும் வந்துவிடும். பயிற்சியில் அவர் மூக்கைப் பார்த்துப் பழகிய நெட்வொர்க் சோதனையிலும் அதே மூக்கைப் பார்த்து மதிப்பெண் வாங்கும். அந்த அக்யூரசி அண்ணாச்சிக்குப் பொருந்தும், நாளைக்குக் கடைக்கு வரும் புது ஆளுக்குப் பொருந்தாது. ஆளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்: சில பேருடைய தாள்கள் முழுக்கப் பயிற்சிக்கு, மற்றவர்களுடைய தாள்கள் முழுக்கச் சோதனைக்கு. படத்தின் கோப்புப் பெயரிலேயே எழுதியவருக்கு ஒரு அடையாள எழுத்து போட்டு வைத்தால் வேலை சுலபம். போடாமல் சேகரித்தால் பின்னால் பிரிக்கவே முடியாது.

ஆள் மாறினால் எவ்வளவு விழும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2019-இல் வினய் உதய் பிரபு கன்னட எண்களுக்கு எம்னிஸ்ட் போலவே ஒரு தொகுப்பை வெளியிட்டார், கன்னடா-எம்னிஸ்ட். அளவும் அதே 60,000-ம் 10,000-ம். எழுதித் தந்தவர்கள் பெங்களூருக்காரர்கள். கூடவே டிக்-எம்னிஸ்ட் என்று 10,240 படங்கள் கொண்ட இன்னொரு சோதனைத் தொகுப்பையும் கொடுத்தார். அதை எழுதியவர்கள் அந்த எழுத்துக்குப் பழகாத வேறு ஆட்கள். முதல் சோதனையில் 97-ஐ ஒட்டி வாங்கிய அதே நெட்வொர்க் இரண்டாவதில் முக்கால்வாசியைத்தான் சரியாகச் சொன்னது. இரண்டு எண்ணையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டார். அவளுடைய ரிப்போர்ட்டிலும் அப்படியே இரண்டு பத்தி போடச் சொன்னேன்: எம்னிஸ்ட் சோதனை ஒன்று, அறந்தாங்கித் தாள்கள் ஒன்று. இரண்டாவது எண் சின்னதாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து எக்ஸ்டர்னல் மதிப்பெண் குறைத்தால் என்ன செய்வது என்று பயந்தாள். குறைத்தால் குறைக்கட்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல உன்னிடம் விஷயம் இருக்கிறது என்றேன். அக்கா என்னை முறைத்தாள்.

மிச்சமிருந்தது ஒன்றுதான், ஆறு எண் பெருக்கல். இதற்கு நெட்வொர்க்கைப் பெரிதாக்குவது ஒரு வழி. தபால்காரர்கள் வழி வேறு: சந்தேகமானதை ஒதுக்கி மனிதர் கையில் கொடுத்துவிடுவது. 1989-இல் லெக்கூன் குழு சொன்ன முடிவே அப்படித்தான் இருந்தது. ஏற்றுக்கொண்ட எண்களில் ஒரு சதவீதம் பிழை, அதற்காக ஏறக்குறைய 9 சதவீதத்தை வாசிக்காமல் ஒதுக்கினார்கள். இவளும் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளி குறைவாக இருந்தால் ஒதுக்கு என்று ஒரு நிபந்தனை போட்டாள். ஒதுக்கும் எல்லையை எம்னிஸ்டில் வைத்து முடிவுசெய்யக் கூடாது, பயிற்சிக்கென்று வைத்த உள்ளூர்த் தாள்களில் பார்த்து வைக்க வேண்டும். தலைகீழ்ப் படத்தின் 99-ஐ இது பிடிக்காது என்பதையும் மறக்கக் கூடாது. அதைப் பிடிக்க ஒளியின் மொத்தத்தைப் பார்க்கும் தனி வரி ஒன்று வேண்டும்: 784 புள்ளிகளின் கூட்டுத்தொகை 300-ஐத் தாண்டினால் படமே கோளாறு என்று நிறுத்திவிடுகிறது.

இதற்கு மேல் பின்கோடுக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15 முதல் நடப்பில் இருக்கும் இந்த ஆறு எண்களும் குருட்டு எண்கள் இல்லை. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். முதல் மூன்றும் சேர்ந்தால் பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்றும் தபால் அலுவலகம். ஆறு இடத்தில் பத்துப் பத்து வாய்ப்பு என்றால் பத்து லட்சம் எண்கள், நடப்பில் இருப்பது அதில் சின்னப் பகுதிதான். அண்ணாச்சி எழுதிய 614616-ஐ நெட்வொர்க் 674676 என்று வாசித்தாலும், ஒவ்வொரு இடத்திலும் முதல் இரண்டு வாய்ப்புகளை வைத்துக்கொண்டால் மொத்தம் 64 கூட்டுகள்தான். அவற்றில் தபால் துறைப் பட்டியலில் இருப்பவை எவை என்று பார்த்து, அவற்றுக்குள் மதிப்பெண் அதிகமானதை எடுத்தால் போதும். மூக்கு நீண்ட 1-ஐ நெட்வொர்க் கடைசிவரை 7 என்று நினைத்தாலும் பட்டியல் அதைத் திருத்திவிடும்.

இந்தப் பட்டியல் பகுதியை அவள் இன்னும் எழுதி முடிக்கவில்லை. ரிவ்யூ அடுத்த வாரம். ஆசிரியர் கறுப்புப் பேனாவில் மறுபடி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.